பத்தொன்பதாவது வாரமும் 264 ஊசிகளும்

என் வயிற்றில் நானே குத்திக்கொண்ட ஊசிகளின் எண்ணிக்கை 264. பிரசவத்துக்கு முன்னால் 222, அதற்குப் பிறகு 42. ஒவ்வொன்றையும் காலண்டரில் குறித்துவைத்திருந்ததால் சரியாகச் சொல்ல முடிகிறது. இதை எழுதக் காரணம், கர்ப்பத்தில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் இந்த ஹெப்பாரின் ஊசியை யாருக்கு எதற்காகப் போடுகிறார்கள் என்பதில் நானே ஒன்றரை வருஷம் குழம்பிக் கிடந்தேன். என்னைச் சுற்றி இரண்டு விதமான பெண்களைப் பார்க்கிறேன். அவசியம் போட வேண்டியவர்கள் பயந்து பாதியில் நிறுத்துகிறார்கள், தேவையே இல்லாதவர்கள் மாதக்கணக்கில் குத்திக்கொள்கிறார்கள்.

என் முதல் கர்ப்பம் எட்டாவது வாரத்தில் கலைந்தது. அது நிறையப் பேருக்கு நடப்பதுதான், பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கோளாறாக இருக்கும் என்றார்கள். நானும் ஏற்றுக்கொண்டேன். இரண்டாவது முறை எல்லாம் ஒழுங்காகப் போனது. பன்னிரண்டாவது வார ஸ்கேன் நன்றாக இருந்தது, ரத்தப் பரிசோதனைகள் நன்றாக இருந்தன. பத்தொன்பதாவது வாரம் வழக்கமான ஸ்கேனுக்குப் போனபோது, அந்த அறையில் இருந்தவர் திரையை என் பக்கமிருந்து மெல்லத் திருப்பிக்கொண்டார். அப்போதே புரிந்துவிட்டது. குழந்தையின் அளவு பதினேழு வாரத்தோடு நின்றிருந்தது, இதயத் துடிப்பு இல்லை.

அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. ஆனால் அப்போது எங்கள் டாக்டர் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார், அதை மட்டும் சொல்லியாக வேண்டும். நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார், குழந்தையின் குரோமோசோமையும் பார்க்க வேண்டும் என்றார். வீட்டில் சிலர், "போனது போச்சு, இனி எதற்கு இதெல்லாம்" என்றார்கள். என் கணவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். குழந்தை உருவத்திலும் குரோமோசோமிலும் குறை இல்லாத குழந்தை என்று முடிவு வந்தது. நஞ்சுக்கொடியில் ஆங்காங்கே ரத்த ஓட்டம் நின்று செத்துப்போன திட்டுகள் இருந்தன. அந்த ஒரு தாள்தான் அடுத்து நடந்த எல்லாவற்றுக்கும் வழி திறந்துவிட்டது. இப்படி ஒரு இழப்பு யாருக்காவது நேர்ந்தால், அந்த நேரத்தில் கேட்கவே கஷ்டமாக இருந்தாலும், நஞ்சுக்கொடியை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பிறகு நினைத்தால் அது கிடைக்காது.

ஏழு வாரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். பார்த்தது மூன்றே மூன்று விஷயங்கள். லூபஸ் ஆன்டிகோஆகுலண்ட், ஆன்டிகார்டியோலிப்பின் ஆன்டிபாடி, பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் ஆன்டிபாடி. எனக்கு முதலாவது பாசிட்டிவ். இரண்டாவதில் ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடி 68, நாற்பதுக்கு மேல் போனாலே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவது நெகட்டிவ். "ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோமாக இருக்கலாம், ஆனால் இன்னும் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். குறைந்தது பன்னிரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை எடுத்து, அப்போதும் இருந்தால்தான் நோய் என்று எழுதுவாராம்.

எனக்குக் கோபம் வந்தது. பாசிட்டிவ் என்று கையில் தாள் இருக்கிறது, இன்னும் மூன்று மாதம் எதற்குக் காக்க வேண்டும்? அவர் பொறுமையாக விளக்கினார். ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து போனால்கூட இந்த ஆன்டிபாடிகள் கொஞ்ச நாள் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். அப்படி ஒரு தற்செயலான பாசிட்டிவை வைத்துக்கொண்டு ஒருத்திக்கு வாழ்நாள் முழுவதற்கும் ஒரு நோயின் பெயரை ஒட்டிவிடக் கூடாது. நிஜமாகவே நோய் இருந்தால் அது மூன்று மாதத்தில் எங்கேயும் போகாது. "நீங்கள் இப்போது கர்ப்பமாக இல்லை, அவசரம் இல்லை" என்றார். அது சரிதான் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அழுதுகொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். முதல் பரிசோதனையிலிருந்து பதின்மூன்றாவது வாரம் மறுபடி எடுத்தபோதும் லூபஸ் ஆன்டிகோஆகுலண்ட் பாசிட்டிவ், ஐஜிஜி 61. அன்றைக்குத்தான் பெயர் எழுதினார்.

இந்த நோய் என்ன செய்கிறது என்று எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். உடம்பு கிருமிகளை எதிர்க்கத் தயாரிக்கும் ஆன்டிபாடி, தவறுதலாக நம் சொந்தச் செல்களின் மேற்பரப்பில் உள்ள கொழுப்போடு ஒட்டிக்கொள்ளும் புரதங்களைக் குறிவைக்கிறது. நஞ்சுக்கொடியின் செல்களில் அந்தக் கொழுப்பு வெளிப்பக்கமாகவே இருப்பதால் அவை சுலபமாக மாட்டிக்கொள்கின்றன. நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவருக்குள் ஆழமாக வேர்விட வேண்டிய சமயத்தில் சரியாக விடுவதில்லை. அந்த இடத்தில் அழற்சி வருகிறது, சின்ன ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைகிறது. குழந்தைக்குப் போகும் ரத்தம் வாரா வாரம் குறைந்துகொண்டே போகும். வெளியே தாய்க்கு ஒன்றுமே தெரியாது. எனக்கு வலி இல்லை, ரத்தப்போக்கு இல்லை, ஒன்றுமே இல்லை.

ஹெப்பாரின் ஊசியை இங்கே வெறும் "ரத்தத்தை மெலிதாக்கும் மருந்து" என்று நினைத்தால் பாதிதான் புரியும். அது ரத்தம் உறைவதைத் தடுப்பதோடு, அந்த ஆன்டிபாடி கிளப்பிவிடும் அழற்சியையும் ஓரளவு அடக்குகிறது. ஆஸ்பிரினோடு சேர்த்துக் கொடுத்தால், இந்த நோய் உள்ளவர்களில் பத்தில் ஏழெட்டுப் பேருக்குக் குழந்தை உயிரோடு பிறக்கிறது. மீதி இரண்டு மூன்று பேருக்கு அப்போதும் பலிப்பதில்லை. அதையும் டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

இப்போது என்னை மிகவும் குழப்பிய விஷயத்துக்கு வருகிறேன். என் ரிப்போர்ட்டில் ஏபிடிடி என்று ஒரு வரி உண்டு. ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் சாதாரணப் பரிசோதனை. எனக்கு அது எப்போதும் நீளமாகவே வரும். ஒருமுறை வேறு ஒரு காரணத்துக்காக இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அங்கே இரவு டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் அந்த வரியைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்களுக்கு ரத்தம் உறையவே லேட் ஆகுது, இதுல உறையாம இருக்க ஊசி வேற போடச் சொல்லியிருக்காங்களா? ரத்தப்போக்கு வந்துடுமே" என்றார். நான் ஆடிப்போய்விட்டேன். அவர் சொன்னது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

உண்மை இதுதான். ஏபிடிடி பரிசோதனையில் ரத்தத்தை உறையவைக்க லேபில் குழாய்க்குள் கொஞ்சம் கொழுப்புப் பொருள் சேர்ப்பார்கள். என் ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி அந்தக் கொழுப்பைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. கொழுப்பு கிடைக்காததால் குழாயில் ரத்தம் மெதுவாக உறைகிறது. அது கண்ணாடிக் குழாயில் நடக்கும் கதை. உடம்புக்குள் அதே ஆன்டிபாடி நேர் எதிராக, ரத்தத்தை அதிகமாக உறையவைக்கிறது. பெயரும் நம்மை ஏமாற்றும். லூபஸ் ஆன்டிகோஆகுலண்ட் என்றால் லூபஸ் நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை, ரத்தம் உறையாது என்றும் அர்த்தமில்லை. நிஜமாகவே உறைய உதவும் பொருள் ஏதாவது ரத்தத்தில் குறைவாக இருக்கிறதா, இல்லை ஆன்டிபாடிதான் இடையில் புகுந்து தடுக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நம் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவோடு ஆரோக்கியமான ஒருவரின் பிளாஸ்மாவைச் சரிபாதி கலந்து மறுபடி பார்ப்பார்கள். குறைபாடு என்றால் நேரம் சரியாகிவிடும். ஆன்டிபாடி என்றால் கலந்த பிறகும் நேரம் நீண்டே இருக்கும். எனக்கு நீண்டே இருந்தது. இந்தக் கலப்புப் பரிசோதனையின் தாள் பின்னால் எனக்கு எவ்வளவு பெரிய உதவி செய்தது என்று பிறகு சொல்கிறேன்.

இன்னொன்று, ஹெப்பாரின் ஊசி போட ஆரம்பித்த பிறகு இந்த லூபஸ் பரிசோதனையை எடுத்தால் முடிவு குழம்பும். அதனால் எடுக்க வேண்டியதை ஊசிக்கு முன்பே எடுத்து முடித்துவிடுவது நல்லது.

யாருக்கு இந்த ஊசி வேண்டும் என்ற கேள்விக்கு, என் நாத்தனார் கதையைச் சொன்னால் சுலபமாகப் புரியும். அவளுக்கு இரண்டு முறை ஏழு வாரத்துக்குள் கலைந்தது. எங்கேயோ ஒரு பெரிய பட்டியலாக ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார்கள். அதில் எம்டிஹெச்எஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது என்று வந்தது. மூன்றாவது கர்ப்பம் உறுதியான அன்றே தினம் ஒரு ஊசி என்று சொல்லிவிட்டார்கள். அவள் என்னைக் கூப்பிட்டு, "அண்ணி, நீங்க போட்ட அதே ஊசிதான், எப்படிப் போடணும்னு சொல்லிக் கொடுங்க" என்றாள். போடச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் எதற்குப் போடுகிறாய் என்று கேட்டேன். அவளிடம் பதில் இல்லை.

அந்த மரபணு மாற்றம் நம்மில் ஏராளமான பேரிடம் இருக்கிறது. கரு கலைவதற்கோ ரத்தம் உறைவதற்கோ அது காரணமில்லை என்பதால் அதைப் பார்க்கவே வேண்டாம் என்பதுதான் இப்போதைய மருத்துவ வழிகாட்டுதல்கள். பரம்பரையாக வரும் உறைவுக் கோளாறுகள் வேறு உண்டு. ஃபேக்டர் ஃபைவ் லைடன், புரோத்ராம்பின் மரபணு மாற்றம், புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவற்றின் குறைபாடுகள். இவை தாயின் காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுகின்றன, அதற்காக ஊசி தேவைப்படலாம். ஆனால் கருச்சிதைவைத் தடுக்க உதவுமா? அதைப் பார்க்கவே அலைஃப்-2 என்று ஒரு பெரிய ஆய்வு நடந்து 2023-ல் வெளியானது. பரம்பரைக் கோளாறும் இருந்து, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கருச்சிதைவும் ஆனவர்களில் பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு இல்லை. ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 72 பேருக்குக் குழந்தை பிறந்தது, போடாதவர்களில் 71. வித்தியாசமே இல்லை. நிஜமான பரம்பரைக் கோளாறு இருந்தவர்களுக்கே இப்படி என்றால், என் நாத்தனாருக்கு அந்த ஊசி என்ன செய்திருக்கும்?

புரோட்டீன் எஸ் பற்றி ஒரு வார்த்தை. கர்ப்பத்தில் அது எல்லோருக்குமே இயல்பாகக் குறையும். வயிற்றில் குழந்தையோடு இருக்கும்போது எடுத்து, "குறைவு" என்று பயமுறுத்தப்பட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருவர். பிரசவம் முடிந்து நாளானதும் எடுத்தபோது இருவருக்கும் சரியாகவே இருந்தது.

என் டாக்டர் இதை எனக்கு மூன்று கூட்டமாகப் பிரித்துச் சொன்னார். முதல் கூட்டம், ஏற்கெனவே ஒரு முறை காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள். இவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கர்ப்பம் முழுக்க வேண்டும். இரண்டாவது என்னைப் போன்றவர்கள். ஆன்டிபாடி இரண்டு முறை பாசிட்டிவாக வந்திருக்க வேண்டும். அதோடு பத்து வாரத்துக்கு முன் தொடர்ந்து மூன்று கருச்சிதைவு, அல்லது பத்து வாரத்துக்குப் பின் குறையில்லாத ஒரு குழந்தையின் இழப்பு, அல்லது ரத்த அழுத்தம் கடுமையாக ஏறியோ நஞ்சுக்கொடி கைவிட்டோ 34 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆகியிருக்க வேண்டும். மூன்றாவது, பழைய சரித்திரம் எதுவும் இல்லாமலே ஆபத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சேர்ந்துகொள்பவர்கள். கடுமையான பரம்பரைக் கோளாறு, அதிக எடை, வயது, படுக்கையிலேயே இருக்க வேண்டிய நிலை, சிசேரியன் என்று கூட்டிப் பார்த்து முடிவு செய்வார்கள். இவர்களில் பலருக்குப் பிரசவத்துக்குப் பின் கொஞ்ச நாள் மட்டும் போதும். நாத்தனார் இந்த மூன்றிலும் வரவில்லை. அவளாக எதையும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லி, இன்னொரு டாக்டரிடம் எல்லாத் தாள்களோடும் அனுப்பினேன். ஆன்டிபாஸ்போலிபிட் பரிசோதனை செய்து, அது நெகட்டிவ் என்று வந்த பிறகு அவர் ஊசியை நிறுத்தினார்.

சரி, என் மூன்றாவது கர்ப்பம். ஆஸ்பிரின் 75 மில்லிகிராமை முன்கூட்டியே ஆரம்பித்திருந்தேன். ஐந்து வாரம் நான்கு நாள் ஆனபோது முதல் ஊசி. ஹெப்பாரின் வகையைச் சேர்ந்த எனாக்ஸபாரின் 40 மில்லிகிராம், நாளைக்கு ஒரு முறை. என் எடை 58 கிலோ, அதற்கு அந்த அளவு. எடை மிகக் குறைவானவர்களுக்கும் மிக அதிகமானவர்களுக்கும் அளவு மாறும். கிட்னியில் பிரச்சினை இருந்தாலும் மாறும், அதனால் முதலிலேயே கிட்னி பரிசோதனையும் தட்டணுக்களின் எண்ணிக்கையும் பார்த்தார்கள். குழந்தைக்கு ஏதாவது ஆகுமோ என்பதுதான் எனக்கு இருந்த பெரிய பயம். ஹெப்பாரினின் மூலக்கூறு பெரியது, நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகாது. அதனால்தான் மாத்திரை இருக்கும்போது ஊசி. வார்ஃபரின் மாத்திரை தாண்டிப் போகும், ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் குழந்தையின் எலும்பையும் மூக்கின் அமைப்பையும் பாதிக்கக்கூடும். புதிதாக வந்திருக்கும் உறைவுத் தடுப்பு மாத்திரைகளும் கர்ப்பத்தில் கூடாது. இப்படி மாத்திரையில் இருப்பவர்கள் கர்ப்பம் என்று சந்தேகம் வந்த உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும், அடுத்த செக்கப் வரட்டும் என்று இருக்கக் கூடாது.

முதல் நாள் நர்ஸ் அக்கா போட்டுக் காட்டினார். மறுநாள் நானே போட வேண்டும். சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். கை நடுங்கியது. கணவர் "நான் போடட்டுமா" என்றார். எட்டு மாதத்துக்கு மேல் போட வேண்டியது, அவர் ஊரில் இல்லாத நாளும் வரும் என்று நானே போட்டுக்கொண்டேன். ஊசி அரை அங்குல நீளம்தான், மயிர் போல மெலிது. குத்தும்போது பெரிதாக வலிக்காது. மருந்து உள்ளே போகும்போதுதான் எரியும், அது ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்காது.

செய்யும் முறை இது. சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, தொப்புளிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் பக்கவாட்டில் ஒரு இடம் பார்க்க வேண்டும். ஸ்பிரிட் தடவினால் காயும் வரை காத்திருக்க வேண்டும், ஈரத்தோடு குத்தினால் எரிச்சல் இரட்டிப்பாகும். மூடியைத் திருகாமல் நேராக இழுக்க வேண்டும். சிரிஞ்சுக்குள் ஒரு காற்றுக்குமிழ் இருக்கும். முழு மருந்தையும் போடுபவர்கள் அதை வெளியே தள்ளக் கூடாது. தள்ளினால் கூடவே மருந்துச் சொட்டும் போய்விடும், உள்ளே இருந்தால் கடைசிச் சொட்டு வரை மருந்தைத் தள்ளிவிட்டுத் தானும் போகும், அதனால் தீங்கில்லை. தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து, ஊசியைச் செங்குத்தாக முழுதாக உள்ளே விட்டு, பத்து எண்ணுகிற நேரத்தில் மெதுவாக அழுத்த வேண்டும். ஊசியை வெளியே எடுக்கும் வரை மடிப்பை விடக் கூடாது.

அதற்குப் பிறகு தேய்க்கக் கூடாது. நான் அங்கேதான் தப்பு செய்தேன். எரிகிறதே என்று முதல் பத்து நாள் உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்துவிட்டேன். வயிறு முழுக்க உள்ளங்கை அகலத்துக்கு நீலமும் பச்சையுமாகக் கன்றிப்போனது. உள்ளுக்குள் ரத்தம் கசிகிறதோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நர்ஸ் அக்கா பார்த்துவிட்டு, "தேய்ச்சியா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். அதன் பிறகு பஞ்சை வைத்து இரண்டு நிமிஷம் சும்மா அழுத்திப் பிடித்ததோடு சரி. கன்றல் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் குறைந்தது, சில நாள் வரவே இல்லை. ஒரு நாள் இடது பக்கம், மறுநாள் வலது பக்கம் என்று மாற்றிக்கொண்டேன். வயிறு பெரிதாகித் தோல் இறுகியதும், விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் இன்னும் பிடிக்க முடிகிற இடங்களில் போட்டேன், சில நாள் தொடையின் வெளிப்பக்கம். குழந்தையைக் குத்திவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். தோல், கொழுப்பு, தசை, அப்புறம்தான் கர்ப்பப்பை. அரை அங்குல ஊசி கொழுப்பைத் தாண்டாது.

நேரம் இரவு எட்டு மணி என்று வைத்துக்கொண்டேன். ஒருமுறை மறந்து தூங்கிவிட்டேன், காலையில்தான் ஞாபகம் வந்தது. டாக்டரைக் கேட்டு அப்போது ஒன்று போட்டுக்கொண்டு, அன்றிரவு எப்போது போடுவது என்றும் அவரிடமே கேட்டுக்கொண்டேன். விட்டுப்போனதைச் சேர்த்து இரண்டாக மட்டும் போடக் கூடாது.

முப்பத்தோராவது வாரம் இடது கெண்டைக்கால் கனத்தது. கர்ப்பத்தில் கால் வீங்குவது சகஜம் என்று எல்லோரும் சொன்னார்கள். சகஜமான வீக்கம் இரண்டு காலிலும் வரும். எனக்கு இடது கால் மட்டும். டேப் வைத்து அளந்தேன், வலதைவிட மூன்று சென்டிமீட்டர் கூடுதல். உடனே கிளம்பிவிட்டோம். கர்ப்பிணிகளுக்கு இடது காலில்தான் ரத்தம் அதிகம் உறையும், அந்தப் பக்கத்து இடுப்புச் சிரையை அதற்குக் குறுக்கே போகும் தமனி அழுத்திக்கொண்டிருக்கிறது, கர்ப்பப்பையின் பாரமும் சேர்ந்துகொள்கிறது. சில சமயம் கெண்டைக்காலில் ஒன்றும் தெரியாமல் தொடையிடுக்கிலோ புட்டத்திலோ வலி மட்டும் இருக்குமாம். டாப்ளர் ஸ்கேனில் எனக்கு உறைவு இல்லை என்று வந்தது. ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேனே, எப்படி வரும் என்று கேட்டேன். 40 என்பது தடுப்பு அளவு, ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது என்றார் டாக்டர். அன்று ஸ்கேன் கிடைக்கத் தாமதமாகியிருந்தால் அதுவரைக்கும் சிகிச்சை அளவுக்கு ஊசியைக் கூட்டியே வைத்திருப்பாராம். டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையை அவர் எடுக்கவில்லை. கர்ப்பத்தில் அது எல்லோருக்குமே ஏறியிருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ காலை அளந்துகொண்டெல்லாம் இருக்கக் கூடாது, நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார்.

குழந்தையின் வளர்ச்சியை அடிக்கடி ஸ்கேனில் பார்த்தார்கள். பத்தொன்பதாவது வாரம் தாண்டிய அன்று நானும் கணவரும் ஒன்றுமே பேசவில்லை, ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்து பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

முப்பத்தாறாவது வாரம் ஆஸ்பிரினை நிறுத்தினார்கள். முப்பத்தேழில் வலி வரவைத்துப் பிரசவம் என்று முடிவாகியிருந்தது. இதில் ஊசியின் நேரம் மிக முக்கியம். பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் எபிடியூரல் போட வேண்டுமானால், தடுப்பு அளவு ஊசிக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், சிகிச்சை அளவில் இருப்பவர்களுக்கு 24 மணி நேரம். இல்லையென்றால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கசிந்து கட்டி, கால் செயலிழக்கக்கூடும். அதனால் தேதி குறிக்காமல் காத்திருப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு: வலி ஆரம்பிப்பது போலத் தெரிந்தாலோ, ரத்தப்போக்கு வந்தாலோ, அடுத்த ஊசியைப் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்க வேண்டும்.

நான் முந்தின இரவு எட்டு மணிக்குக் கடைசி ஊசி போட்டுவிட்டுக் காலையில் சேர்ந்தேன். மத்தியானம் மயக்க மருந்து டாக்டர் வந்தார். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தவர் முகம் மாறியது. "ஏபிடிடி நீண்டிருக்கே, ஊசி மருந்து இன்னும் உடம்புல இருக்கா? முதுகுல போட முடியாதே" என்றார். நான் படுக்கையிலிருந்தபடியே என் கணவரிடம் ஃபைலைக் காட்டச் சொன்னேன். கர்ப்பத்துக்கு முன்னால், ஒரு ஊசிகூடப் போடாத காலத்திலேயே எனக்கு அதே அளவு நீண்டிருந்த தாள், கலப்புப் பரிசோதனையின் தாள், லூபஸ் ஆன்டிகோஆகுலண்ட் என்று எழுதிய தாள். அவர் மூன்றையும் நின்றுகொண்டே படித்தார். தட்டணுக்களின் எண்ணிக்கையையும் கடைசி ஊசி போட்ட நேரத்தையும் மறுபடி கேட்டுக்கொண்டு, எங்கள் டாக்டருக்கு ஒரு போன் செய்தார். பிறகு, "இது லேப் குழாயில் வர்ற நீளம், உங்க ரத்தம் நல்லாவே உறையும்" என்று சொல்லி எபிடியூரல் போட்டார். அந்தத் தாள்கள் கையில் இல்லாமல் போயிருந்தால் அவர் மறுத்திருப்பார், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

மறுநாள் விடியற்காலை மகள் பிறந்தாள். 2 கிலோ 600 கிராம்.

எபிடியூரல் குழாயை எடுத்து, ரத்தப்போக்கு கட்டுக்குள் இருக்கிறது என்று பார்த்த பிறகு, அன்றே ஊசி மறுபடி ஆரம்பம். குழாய் எடுத்து நாலு மணி நேரமாவது ஆக வேண்டும் என்பது கணக்கு. குழந்தைதான் பிறந்துவிட்டதே, இனி எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் அந்த ஆசை இருந்தது. தையல், பால், தூக்கமில்லாத ராத்திரி, இதற்கு நடுவே தினமும் எட்டு மணிக்கு ஊசி. ஆனால் கர்ப்ப காலம் முழுவதையும்விட ஒரு பெண்ணுக்கு ரத்தம் உறையும் ஆபத்து மிக அதிகமாக இருப்பது பிரசவத்துக்குப் பிந்தைய இந்த ஆறு வாரத்தில்தான், அதிலும் முதல் சில வாரங்களில். நிறுத்தத் தோன்றுவதும் அப்போதேதான். பால் கொடுக்கத் தடையில்லை. ஹெப்பாரின் பாலில் பெரும்பாலும் வராது, வந்தாலும் குழந்தையின் குடலில் உறிஞ்சப்படாது.

நாற்பத்திரண்டாவது நாள் கடைசி ஊசி. உபயோகித்த சிரிஞ்சுகளைப் போட்டுவைத்திருந்த கெட்டியான மூடிபோட்ட டப்பாக்களை ஆஸ்பத்திரியிலேயே ஒப்படைத்தோம், குப்பையில் போடக் கூடாது. அந்தச் செக்கப்பில் டாக்டர் இரண்டு விஷயம் எழுதிக்கொடுத்தார். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எனக்கு வாழ்நாளுக்கும் கூடாது, ஏனென்றால் அதுவும் ரத்தத்தை உறையவைக்கும், என் ஆன்டிபாடி இன்னும் உடம்பில்தான் இருக்கிறது. இரண்டாவதை ஃபைலின் அட்டையிலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் சொன்னார், இப்போதும் அப்படியே இருக்கிறது: "ஏபிடிடி எப்போதும் நீண்டிருக்கும், காரணம் லூபஸ் ஆன்டிகோஆகுலண்ட். இது ரத்தப்போக்கு நோய் அல்ல."